மூடியைத் திறந்தாலே கொக்கி ஒடிகிறது: நாற்றங்கால் பெட்டிக்கு யோசனை சொல்லுங்கள்

தோட்டத்துப் பையன் | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா கடைசி ஆண்டு. வீடு சுங்கை சிப்புட் பக்கம். செம்பனை நாற்றங்காலில் பாலிபேக் மண்ணின் ஈரத்தை அளக்கும் சிறிய கருவிதான் எங்கள் குழுவின் புரோஜெக்ட். உள்ளே ஒரு ESP32 போர்டு, ஒரு 18650 பேட்டரி. மூன்று பேர் காசு போட்டு வாங்கிய சின்ன மேசை 3D பிரிண்டர் என் வீட்டில் இருக்கிறது, அதில்தான் பெட்டியை அச்சடிக்கிறோம்.

பெட்டி நன்றாக வந்தது. 90 மில்லிமீட்டர் நீளம், 60 அகலம், 40 உயரம். நான்கு பக்கச் சுவரிலிருந்தும் ஒவ்வொரு கொக்கி மேலே எழுந்து மூடியைப் பிடித்துக்கொள்ளும்படி வரைந்தேன். பேட்டரி மாற்ற மூடியைத் தினமும் திறக்க வேண்டும். மூன்றாவது தடவை திறக்கும்போது ஒரு கொக்கி 'டக்' என்று ஒடிந்துவிட்டது. திரும்ப ஐந்து மணி நேரம் அச்சடித்தேன். அதில் இரண்டாவது தடவையே ஒடிந்தது. கொக்கி 8 மில்லிமீட்டர் உயரம், 2 மில்லிமீட்டர் தடிமன். முனையில் பல் 1.2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். பிஎல்ஏ, 0.4 நாசில், 0.2 அடுக்கு, இன்ஃபில் 20 சதவீதம். எங்கே தப்பு செய்கிறேன்?

ரவி ஈப்போ | ஞாயிறு, இரவு 9.32

இன்ஃபில் 20 வைத்தால் ஒடியாமல் என்ன செய்யும்? 100 வையுங்கள். அப்புறம் நாசில் சூட்டை 200-இலிருந்து 215-க்கு ஏற்றுங்கள், விசிறியைக் குறையுங்கள். அடுக்குகள் நன்றாக ஒட்டிக்கொள்ளும். என்னுடைய போன் தாங்கி அப்படித்தான் சரியானது.

சிவா கூலிம் | ஞாயிறு, இரவு 9.50

இந்த மாதிரி நுணுக்கமான சாமானுக்கு இழைப் பிரிண்டரே வேண்டாம். ரெசின் பிரிண்டர் வாங்குங்கள். விலையும் இப்போது இறங்கிவிட்டது. அடுக்கே கண்ணுக்குத் தெரியாது. எந்த மாடல் நல்லது என்று வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

தோட்டத்துப் பையன் | ஞாயிறு, இரவு 9.58

சிவா அண்ணே, பிரிண்டர் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்று வாங்க எங்களிடம் காசு இல்லை. இதிலேயே ஒடியாமல் செய்ய வழி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

ரவி அண்ணே சொன்னபடி 100 வைத்து இன்று இரவே போடுகிறேன்.

பழைய மோல்ட்காரர் | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, போடுவதற்கு முன்னால் ஒடிந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒடிந்த முகம் எப்படி இருக்கிறது? கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக, ஒரே மட்டத்தில் கோடுகளோடு இருக்கிறதா, அல்லது வெளுத்துப் போய், நார் நாராகக் கிழிந்தமாதிரி இருக்கிறதா? முடிந்தால் படம் போடுங்கள்.

தோட்டத்துப் பையன் | ஞாயிறு, இரவு 10.41

தட்டையாகத்தான் இருக்கிறது ஐயா. ஐந்து துண்டுகள் வைத்திருக்கிறேன், ஐந்தும் அப்படியே. சுவரோடு சேரும் அடிப்பகுதியில்தான் எல்லாமே ஒடிந்திருக்கின்றன. வெளுப்பு எதுவும் இல்லை.

பழைய மோல்ட்காரர் | ஞாயிறு, இரவு 11.15

அப்படியென்றால் பிளாஸ்டிக் கிழியவில்லை, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பிரிந்திருக்கிறது. நான் பிறையில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மோல்ட் பிரிவில் இருந்தவன். அங்கே உருகிய பிளாஸ்டிக் ஒரே ஓட்டமாக அச்சுக்குள் பாயும், அதனால் கொக்கியை எந்தப் பக்கம் வளைத்தாலும் பலம் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் பிரிண்டர் தோசைமேல் தோசை அடுக்குவதுபோல் அடுக்குகிறது. மேல் அடுக்கு வரும்போது கீழ் அடுக்கு ஆறிப்போயிருக்கும். ஒட்டும், ஆனால் ஒன்றாகக் கலந்துவிடாது. நீங்கள் பெட்டியை நிமிர்த்தி அச்சடிக்கிறீர்கள், கொக்கியும் நிமிர்ந்து நிற்கிறது. மூடியைத் திறக்கும்போது கொக்கி வெளியே வளைகிறது, அதன் அடியில் ஒரு பக்கம் இழுபடுகிறது. அந்த இழுப்பு சரியாக அடுக்கைப் பிரிக்கும் திசையிலேயே விழுகிறது.

ரவி சொன்னதில் சூடு, விசிறி இரண்டும் சரி. கொஞ்சம் உதவும். ஆனால் இன்ஃபில் இங்கே ஒன்றும் செய்யாது. ஸ்லைசரில் கொக்கியை அடுக்கடுக்காகப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். 2 மில்லிமீட்டர் தடிமனை 0.4 மில்லிமீட்டர் சுவர்க் கோடுகளே இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நிரப்பிவிடும். நடுவில் இன்ஃபிலுக்கு இடமே இருக்காது. 20 வைத்தாலும் 100 வைத்தாலும் கொக்கி அதே கொக்கிதான், பெட்டி மட்டும் கூடுதல் நேரம் ஓடும்.

இன்னொன்றும் இருக்கிறது. படுக்கவைத்து அச்சடித்தாலும் உங்கள் கொக்கியின் அளவே அதை ஒடிக்கும். நாளை கணக்கோடு எழுதுகிறேன், இப்போது தூங்க வேண்டும்.

ரவி ஈப்போ | திங்கள், காலை 7.20

அப்படியானால் என் போன் தாங்கி மட்டும் எப்படி நிற்கிறது? 100 வைத்த பிறகுதான் நின்றது.

கலைவாணி | திங்கள், காலை 8.05

ரவி அண்ணா, உங்கள் தாங்கி தடிமனானது, அதில் இன்ஃபிலுக்கு இடம் இருந்திருக்கும். அப்படிப்பட்ட சாமானுக்கு அது சரிதான்.

பையனுக்கு ஒன்று சொல்ல வேண்டும், நானும் மெக்கானிக்கல்தான். ஒவ்வொரு தடவையும் முழுப் பெட்டியை ஏன் அச்சடிக்கிறீர்கள்? கொக்கியையும் அதைத் தாங்கும் 20 மில்லிமீட்டர் சுவரையும் மட்டும் வெட்டித் தனிக் கோப்பாக வையுங்கள். எதிரே மூடியின் விளிம்பில் ஒரு துண்டு போதும். கால் மணி, அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஒரு நாளில் ஆறு மாதிரி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு அளவை மட்டும் மாற்றி, பேனாவால் எண் எழுதி வைத்துக்கொள்ளலாம். நான் முதல் செமஸ்டரில் இது தெரியாமல் ஒரு கிலோ இழையை முழுப் பெட்டிகளாகவே தீர்த்தேன்.

செல்வி அக்கா | திங்கள், மதியம் 12.40

தம்பிகளா, நடுவில் ஒரு கேள்வி. என் முறுக்குக் குழலின் நட்சத்திர வில்லை தொலைந்துவிட்டது. தீபாவளிக்கு ஆர்டர் எடுத்திருக்கிறேன். இந்தப் பிரிண்டரில் அது போட முடியுமா? அளவெல்லாம் எடுத்துத் தருகிறேன்.

கலைவாணி | திங்கள், மதியம் 1.15

அக்கா, வேண்டாம். அடுக்குகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் மாவு தங்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது. வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யலாம் என்றால் பிஎல்ஏ வளைந்துவிடும். குழலை அழுத்தும் வேகத்தில் வில்லை ஒடிந்து துண்டு மாவில் கலந்தால் இன்னும் மோசம். பித்தளை வில்லை தனியாகவே பாத்திரக் கடைகளில் கிடைக்கும், குழலின் உள்விட்டத்தை மட்டும் அளந்து கொண்டு போங்கள்.

பழைய மோல்ட்காரர் | திங்கள், இரவு 8.30

சரி, கணக்கு. கொக்கியை ஒரு முனை சுவரில் புதைந்த சின்ன உத்தரமாக நினைத்துக்கொள்ளுங்கள். முனையைத் தள்ளும்போது அதன் அடியில் பிளாஸ்டிக் எத்தனை சதவீதம் நீள்கிறது என்பதே கேள்வி. நீளம் L, தடிமன் t, முனை விலக வேண்டிய தூரம் y என்றால்:

```
L = 8;  t = 2;  y = 1.2;
echo(1.5 * t * y / (L*L) * 100);
```

இது OpenSCAD-இல் அப்படியே ஓடும். கால்குலேட்டரிலும் போடலாம். உங்கள் அளவுக்கு 5.6 வருகிறது. அதாவது ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அடிப்பகுதியை ஐந்தரை சதவீதத்துக்கு மேல் நீளச் சொல்கிறீர்கள். பிஎல்ஏ கோட்டின் திசையிலேயே இழுத்தாலும் அந்த அளவில் ஒடியக்கூடியது. அடுக்கின் குறுக்கே அதைவிட வெகு சீக்கிரம் விட்டுவிடும். தினமும் திறந்து மூடும் கொக்கி என்றால் பிஎல்ஏவில் 1 சதவீதம், பிஇடிஜியில் 2 சதவீதம், இதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

சூத்திரத்தில் L இரண்டு தடவை பெருகி நிற்பதைக் கவனியுங்கள். நீளத்தை இரட்டிப்பாக்கினால் நீட்சி நாலில் ஒன்றாகக் குறைகிறது. ஒடிந்தால் எல்லாரும் முதலில் தடிமனைக் கூட்டுவார்கள், அது இந்த இடத்தில் நேர்மாறாக வேலை செய்யும். L 15, t 1.6, y 0.8 போட்டுப் பாருங்கள். 0.85 வரும். தடிமன் 1.6 என்றதற்குக் காரணம், 0.4 கோடு நான்கு சரியாக உட்காரும், நடுவில் இடைவெளி விழாது.

ஆனால் 15 மில்லிமீட்டர் கொக்கியையும் நிமிர்த்தி அச்சடித்தால் பழைய கதைதான். கொக்கியைத் தனித் துண்டாக, பக்கவாட்டில் படுக்கவைத்து அச்சடியுங்கள். அதன் உருவம், பல்லோடு சேர்த்து, தட்டின்மேல் வரைந்த படம்போல் கிடக்க வேண்டும். அப்போது கோடுகள் கொக்கியின் நீளத்திலேயே ஓடும், வளைக்கும்போது எந்த அடுக்கும் பிரியாது. அடியில் T வடிவக் கால் வைத்து, பெட்டிச் சுவரில் அதற்கு ஒரு காடி வெட்டி, மேலிருந்து சொருகிக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கமும் 0.2 இடைவெளி விடுங்கள். காலும் கொக்கியும் சேரும் மூலையைக் கூராக விடாமல் 1 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்துவிடுங்கள். ஒடிந்தால் ஒரு கொக்கி மட்டும் மாற்றினால் போதும் என்பதும் ஒரு லாபம்.

சிவா கூலிம் | திங்கள், இரவு 9.05

இவ்வளவு சுற்றுவதற்கு நான்கு திருகு போட்டால் முடிந்தது.

நாற்றங்கால் முத்து | திங்கள், இரவு 9.40

நான் நாற்றங்காலில்தான் வேலை செய்கிறேன். திருகு வேண்டாம் தம்பி. கையுறையோடு நின்றுகொண்டு திருகு கழற்றினால் முதல் நாளே ஒன்று மண்ணில் விழும், அப்புறம் தேட முடியாது. கொக்கிதான் நல்லது.

ஆனால் உங்களுக்கு ஒடிவதைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். எங்கள் இடத்தில் காலையும் மாலையும் ஸ்பிரிங்க்ளர் ஓடும், மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடிக்கும். அதோடு எறும்பு. போன வருடம் யாரோ வைத்த மழைமானியின் பெட்டிக்குள் எறும்பு கூடே கட்டிவிட்டது. பெரிய நாற்றங்காலில் நிழல்வலையும் கிடையாது, பகல் முழுவதும் வெயில். அந்தப் பிளாஸ்டிக் தாங்குமா?

கலைவாணி | திங்கள், இரவு 10.10

முத்து அண்ணன் சொன்ன வெயில்தான் முக்கியம். பிஎல்ஏ 60 டிகிரிக்கு அருகிலேயே தளர்ந்துவிடும். கடும் வெயிலில் மூடிய காரின் முன்கண்ணாடிக்கு அடியில் நான் வைத்த ஒரு மூடி மதியத்துக்குள் பப்படம் மாதிரி வளைந்துவிட்டது. கறுப்பு நிறம் என்றால் இன்னும் மோசம். கொக்கி இழுத்துப் பிடித்த நிலையிலேயே வெயிலில் இருந்தால் ஒடியாவிட்டாலும் மெல்ல மெல்லத் தளர்ந்து பிடியை விட்டுவிடும். பிஇடிஜிக்கு மாறுங்கள், அது 80 டிகிரி வரை கிட்டத்தட்ட நிற்கும். வெள்ளை அல்லது வெளிர்நிறத்தில் எடுங்கள்.

தோட்டத்துப் பையன் | புதன், இரவு 8.15

எல்லாருக்கும் நன்றி. கடனாகக் கிடைத்த பிஇடிஜி இழையில் ஐயா சொன்ன அளவில் கொக்கி மட்டும் ஆறு போட்டேன். இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. ஆனால் இரண்டு பிரச்சினை.

ஒன்று, சிலந்தி வலைமாதிரி எங்கும் நூல் தொங்குகிறது, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கிறது. அச்சடிக்கும்போது நாசிலில் சின்னச் சின்னதாகப் 'பட் பட்' என்று சத்தம். கொக்கியும் எதிர்பார்த்த அளவு பலமில்லை, பன்னிரண்டாவது தடவையில் ஒன்று போய்விட்டது. இரண்டு, T கால் காடிக்குள் நுழையவே இல்லை. வெர்னியரில் அளந்தால் மேலே சரியான அளவு, தட்டைத் தொட்ட பக்கம் மட்டும் 0.3 கூடுதலாக இருக்கிறது.

ரவி ஈப்போ | புதன், இரவு 8.40

நூல் தொங்கினால் ரிட்ராக்‌ஷன் கூட்டுங்கள். சத்தம் வந்தால் நாசில் அடைத்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

பழைய மோல்ட்காரர் | புதன், இரவு 9.20

நாசிலை மாற்ற வேண்டாம். அந்தச் சத்தம் தண்ணீர். இழை காற்றிலிருந்து ஈரம் குடித்திருக்கிறது. நாசிலின் சூட்டில் அது ஆவியாகி வெடித்துக்கொண்டு வருகிறது, அதனால்தான் பரப்பு சொரசொரப்பு, அதனால்தான் நூல். உள்ளே குமிழ்கள் இருப்பதால் பலமும் போய்விட்டது. அந்த இழை எத்தனை நாள் வெளியே கிடந்தது?

தோட்டத்துப் பையன் | புதன், இரவு 9.27

நண்பன் வீட்டில் இரண்டு மாதம் பிரிண்டர் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அரிசி டப்பாவில் போட்டு வைக்கட்டுமா?

பழைய மோல்ட்காரர் | புதன், இரவு 9.50

அரிசி உதவாது. நம் ஊர்க் காற்றில் அரிசியே ஈரத்தோடுதான் இருக்கும். சிலிக்கா ஜெல் உலர்ந்த இழையை உலர்வாக வைத்திருக்கும், நனைந்ததை உலர்த்த அது போதாது. சூடு வேண்டும். பிஇடிஜிக்கு 65 டிகிரியில் ஆறு மணி நேரம். வீட்டு அவனில் வைக்காதீர்கள், காட்டும் சூடு ஒன்று, உள்ளே இருக்கும் சூடு வேறு. சுருளே உருகி ஒட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பிரிண்டரின் தட்டே போதும். தட்டை 70-க்கு வைத்து, சுருளை அதன்மேல் படுக்கப் போட்டு, மேலே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, ஆவி போக மேலே இரண்டு மூன்று துளை போடுங்கள். மூன்று மணி நேரத்தில் சுருளைப் புரட்டிவிடுங்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் எடை குறைந்திருப்பது தெரியும். பிறகு ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

கலைவாணி | புதன், இரவு 10.05

இரண்டாவது பிரச்சினை, முதல் அடுக்கைத் தட்டோடு நசுக்கிப் போடுவதால் அது பக்கவாட்டில் பிதுங்குவது. யானைக்கால் என்போம். Cura என்றால் `Initial Layer Horizontal Expansion` என்று இருக்கும், அதில் -0.2 போடுங்கள். நாசில் தட்டுக்கு மிகவும் அருகில் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். அவசரம் என்றால் கத்தியால் விளிம்பைச் சீவிவிட்டுச் சொருகலாம், நான் பாதி நேரம் அதைத்தான் செய்கிறேன்.

சிவா கூலிம் | வியாழன், மதியம் 12.20

ரெசினில் இந்த நூல் தொல்லை எதுவும் கிடையாது என்று மறுபடியும் சொல்கிறேன்.

பழைய மோல்ட்காரர் | வியாழன், இரவு 7.45

சிவா, உருவம் கூர்மையாக வரும், மறுக்கவில்லை. சிறிய மாடல், பொம்மை, நகைக்கான அச்சு என்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் சாதாரண ரெசின் கண்ணாடிமாதிரி ஒடியும், வளையும் கொக்கிக்கு ஆகாது. கையுறை, ஆல்கஹாலில் கழுவுதல், வீச்சம், எல்லாம் ஒரு தோட்ட வீட்டின் முன்னறையில் நடக்க வேண்டும்.

சிவா கூலிம் | வியாழன், இரவு 8.10

வளையும் ரெசினும் விற்கிறார்கள் ஐயா. நான் பயன்படுத்தியிருக்கிறேன். விலை கூடுதல் என்பது மட்டும் உண்மை.

தோட்டத்துப் பையன் | ஞாயிறு, மாலை 5.30

தகவல் சொல்ல வந்தேன். இழையை உலர்த்தினேன். தராசில் 2 கிராம் குறைந்தது. சத்தம் நின்றுவிட்டது, நூலும் அநேகமாக இல்லை. -0.2 போட்டதும் T கால் விரலால் அழுத்தினால் உட்காருகிறது.

நான்கு கொக்கியும் சொருகி, தங்கையை எண்ணச் சொல்லி மூடியைத் திறந்து மூடினோம். இருநூறு தடவை. மூன்று கொக்கிகள் அப்படியே இருக்கின்றன. நான்காவதில் அடி வளைவு லேசாக வெளுத்திருக்கிறது, ஒடியவில்லை. அந்தப் பக்கம் மட்டும் மூடியின் விளிம்பு 0.4 தடிமனாக வந்துவிட்டது. அதாவது அந்தக் கொக்கி 0.8-க்குப் பதில் 1.2 விலகுகிறது. சூத்திரத்தில் போட்டால் 1.28 சதவீதம். 2 சதவீதத்துக்குள்தானே ஐயா இருக்கிறது, பிறகு ஏன் வெளுக்கிறது?

பழைய மோல்ட்காரர் | ஞாயிறு, இரவு 8.55

நல்ல கேள்வி. அந்தச் சூத்திரம் சுவர் அசையாது, கொக்கி நேராக மட்டும் வளையும் என்று வைத்துக்கொண்டு சொல்வது. உங்கள் மூடி ஒரு பக்கம் தடித்திருந்தால் கொக்கி வளைவதோடு கொஞ்சம் முறுக்கவும் செய்யும். அல்லது அந்த ஒரு கொக்கியின் வளைவில் கோடுகள் சரியாக ஒட்டாமல் சின்ன இடைவெளி இருக்கலாம், ஸ்லைசரில் அந்த மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. மூடியைச் சரிசெய்து, புதுக் கொக்கி ஒன்றை அதே இடத்தில் சொருகி மறுபடி எண்ணுங்கள். புதியதும் வெளுத்தால் இடத்தில் கோளாறு, இல்லையென்றால் பழைய கொக்கியில் கோளாறு.

நாற்றங்கால் முத்து | ஞாயிறு, இரவு 9.20

தண்ணீருக்கு என்ன செய்தீர்கள்?

தோட்டத்துப் பையன் | ஞாயிறு, இரவு 9.34

மூடியின் விளிம்பைச் சுவருக்கு வெளியே 6 மில்லிமீட்டர் கீழே இறக்கிக் குடைமாதிரி வைத்திருக்கிறேன் அண்ணே. கொக்கி வரும் நான்கு இடத்தில் மட்டும் விளிம்பு வெட்டியிருக்கிறது, அங்கேதான் பயம். சென்சார் வயரை அடியில் துளை போட்டுக் கீழ்நோக்கி எடுத்து, சிலிக்கோன் பசையால் அடைத்துவிட்டேன். எறும்புக்கு அது போதுமா என்று தெரியவில்லை.

நாற்றங்கால் முத்து | ஞாயிறு, இரவு 9.51

சனிக்கிழமை கொண்டு வாருங்கள். உள்ளே போர்டு வைக்காதீர்கள், செய்தித்தாள் துண்டு மட்டும் மடித்து வையுங்கள். ஸ்பிரிங்க்ளர் வரிசையில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று ஒரு வாரம் வைப்போம். பேப்பர் நனைந்தால் எந்த மூலையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

தோட்டத்துப் பையன் | ஞாயிறு, இரவு 9.58

சரி அண்ணே, இரண்டு பெட்டி கொண்டு வருகிறேன். இரண்டாவதின் மூடி இப்போதுதான் தட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.